மேற்குச் சுவர் மூன்று வகை: செங்கல், ஹாலோ பிளாக், மண் பிளாக்

தங்கச்சி வீட்டுக்காரர் சேலம் கன்னங்குறிச்சியில் வீடு கட்டப் போகிறார். "மச்சான், உங்க வீட்டுல மூணு விதச் சுவரும் இருக்கே, எது குளிர்ச்சி?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். மாடி அறை எட்டு அங்குல ஹாலோ பிளாக். பக்கத்தில் பிறகு எழுப்பிய அறை 24 சென்டிமீட்டர் மண் பிளாக், அதாவது செம்மண்ணில் சுமார் ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்தி, சூளையில் சுடாமல் தண்ணீர் காட்டிப் பதப்படுத்திய கல். மூன்றிலும் ஒரு சுவர் மேற்கு பார்த்து நிற்கிறது. என் கோபமெல்லாம் அந்த மேற்குச் சுவர் மேல்தான்.

சித்திரை மாதத்தில் மதியம் இரண்டு மணிக்குக் கீழ் அறைக்குப் போனால் சுகமாக இருக்கும். அதே அறையில் இரவு பதினொரு மணிக்குப் படுக்க முடியாது. சுவரில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியும். காரணம் எளிது. மேற்கு வெயில் மதியத்துக்கு மேல் ஏறி, சுமார் நாலு மணிக்கு வெளிப்புறத்தை உச்சமாகச் சுடவைக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கலைக் கடந்து அந்த அனல் உள்ளே வர ஏறக்குறைய ஏழெட்டு மணி நேரம் ஆகும். நாம் தூங்கப் போகும் நேரத்தில் சரியாக வந்து சேரும். சுவர் கனமானது என்பதால் விடியும் வரை விடவும் விடாது.

ஹாலோ பிளாக் இதற்கு நேர் எதிர். உள்ளே வெற்றிடம் இருப்பதால் வெப்பம் வராது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். வெற்றிடத்தில் உள்ள காற்று சுற்றிச்சுற்றி அனலைக் கடத்தும். இடையில் இருக்கும் கான்கிரீட் பாலங்களும் கடத்தும். மாடி அறை மாலை ஏழு எட்டு மணிக்கே வெந்துவிடும். ஆனால் எடை குறைவு என்பதால் ஜன்னலைத் திறந்துவிட்டால் சீக்கிரம் ஆறிவிடும். மாடியில் சுவரைவிடக் கூரைத் தளத்திலிருந்து இறங்கும் சூடுதான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, மண் பிளாக்? மண் வீடு என்றாலே குளிர்ச்சி என்கிறார்கள். உண்மையில் அதே தடிமனில் செங்கலுக்கும் இதற்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் மண் அறை இரவிலும் தாங்கக்கூடியதாக இருப்பதற்குக் காரணம் மேற்கில் போட்ட ஓட்டுத் தாழ்வாரம். சுவரில் வெயிலே படுவதில்லை. படாத வெயில் இரவில் திரும்பி வராது.

செலவுக் கணக்குக்கு நூறு சதுர அடிச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அங்குலத்துக்குச் செங்கல் எண்ணூறு, தொள்ளாயிரம் வேண்டும். ஹாலோ பிளாக் சுமார் 110 போதும். கொத்தனார் கூலியும் கலவையும் அங்கேதான் மிச்சமாகிறது. 24 சென்டிமீட்டர் சதுரமும் 9 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மண் பிளாக் சுமார் 370 ஆகும். அதில் பூச்சு வேலையே வேண்டாம் என்பதுதான் பெரிய மிச்சம். ஆனால் ஒரு மேஸ்திரி "பூசாம விட்டா நல்லாயிருக்காது" என்று சொல்லி நீங்களும் பூசிவிட்டால் அந்த மிச்சம் போய்விடும். அப்புறம், கல் அறுத்து நாலு வாரம் ஈரத்தில் பதப்படுத்த வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் உதிரும். அடிச்சுவரில் மழைத்தெறிப்பு படாதபடி கருங்கல்லை உயர்த்திக் கட்டுங்கள்.

ஏற்காட்டில் கட்டுகிறவர்களுக்கு இந்த வெப்பக் கணக்கு தலைகீழ். அங்கே இரவுதான் குளிரும். கனமான சுவர் மாலையில் வாங்கிய சூட்டை இரவில் கொடுப்பது நல்லதுதான். சேலத்தில் நான் திட்டும் செங்கலை அங்கே நான் கொண்டாடுவேன்.

ஆகவே மச்சான், மேற்கில் தாழ்வாரமோ நல்ல மரமோ வைக்க இடமில்லை என்றால் அந்தப் பக்கப் படுக்கையறைக்கு எட்டு அங்குல ஹாலோ பிளாக் போட்டு, வெளியே வெள்ளை அடித்து, எதிரெதிர் ஜன்னல் வையுங்கள். பகலில் ஆட்கள் இருக்கும் ஹாலுக்குக் கனமான சுவர் போடுங்கள். ஆறு அங்குலம் போதும் என்று மேஸ்திரி சொன்னால் மேற்குக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

என்னை மறுபடி கட்டச் சொன்னால், இவ்வளவும் சொன்ன பிறகும், நாலு பக்கமும் மண் பிளாக்தான் வைப்பேன். பூசாத அந்தச் செம்மண் சுவர் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. தாழ்வாரத்துக்கு இடம் விட்டு மனையை அளப்பேன்.