பட்டாவில் தந்தை பெயர்ப் பிழை: சாட்பாட் துணையுடன் எழுதிய மூன்று மனு வரைவுகள், ஓர் ஒப்பீடு

பட்டாவில் தவறாகப் பதிவான தந்தை பெயரைத் திருத்தக் கோரி வட்டாட்சியருக்கு எழுதும் மனுவை இந்த ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்கிறேன். மனுதாரர் செல்வராசு என்று வைத்துக்கொள்வோம். 1994-இல் கிரயம் பெற்ற அவரது நிலத்தின் பத்திரத்தில் தந்தை பெயர் கோவிந்தராசு என்று உள்ளது. பட்டாவில் கோவிந்தசாமி என்று பதிவாகிவிட்டது. புல எண் 112/3B, பரப்பு 0-40.50. பெயர்களும் எண்களும் மாதிரிக்காக அமைத்தவை. இதே மனுவை மூன்று வழிகளில் உருவாக்கிப் பார்த்தேன். முதல் வழியில் கோரிக்கையை ஒரே வரியில் சாட்பாட்டிடம் கொடுத்தேன். இரண்டாவதில் விவரங்களைக் குறிப்புகளாக அடுக்கி, மனுவின் அமைப்பையும் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவதில் மனுவை முழுவதும் நானே எழுதி, பிழைகளை மட்டும் சுட்டிக்காட்டுமாறு கேட்டேன்.

ஒரு வரிக் கோரிக்கையில் கிடைத்த முதல் வரைவு, மேலோட்டமாகப் படிப்பவருக்கு நிறைவாகவே தோன்றும். ஆனால் பெறுநர் பகுதியிலேயே “மாண்புமிகு வட்டாட்சியர் அவர்கள்” என்று இருந்தது. மாண்புமிகு என்னும் அடைமொழி அமைச்சர்கள், பேரவைத் தலைவர் போன்றோருக்கு உரியது, வட்டாட்சியருக்கு உயர்திரு என்பதே வழக்கம். அடுத்த வரியில் “அன்புள்ள ஐயா” என்று விளித்திருந்தது. அலுவலக மனுவில் ஐயா என்றோ அம்மையீர் என்றோ மட்டும் விளிப்பதே முறை. அன்பு சொந்தக் கடிதத்தில் வர வேண்டியது. கடைசிப் பத்தியில் “பதினைந்து நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால் சட்டப்படி அணுகுவேன்” என்று கேட்காமலேயே ஒரு கெடுவையும் சேர்த்து, அதற்குக் கீழே “உங்கள் பொன்னான நேரத்திற்கு நன்றி” என்று முடித்திருந்தது. முதல் முறையாகக் கொடுக்கும் திருத்த மனுவில் மிரட்டலும் வேண்டாம், புகழ்ச்சியும் வேண்டாம்.

மரியாதைச் சொற்களைவிடப் பெரிய குறை பொருள் வரியில் இருந்தது. “பட்டா மாறுதல் கோருதல் தொடர்பாக” என்று அது எழுதியிருந்தது. பட்டா மாறுதல் என்பது கிரயத்தாலோ வாரிசு முறையாலோ நிலம் வேறொருவர் கைக்கு வந்ததைப் பதிவு செய்யக் கேட்பது. இங்கே உரிமையாளர் மாறவில்லை. அதே ஆளின் தந்தை பெயர் மட்டுமே தவறு. பொருள் வரியைப் பார்த்துத்தான் மனுவை எந்த நடைமுறையில் சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள் என்பதால், இந்த ஒரு சொல் மனுவை வேறு வழியில் திருப்பிவிடக் கூடும். “பட்டாவில் தந்தை பெயர்ப் பிழை திருத்தம் கோருதல்” என்று இருந்திருக்க வேண்டும். மேலும் அந்த வரைவு 1961-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் திருத்தம் கோருவதாகச் சொன்னது. அது நில உச்சவரம்பைப் பற்றிய சட்டம். பட்டாப் பதிவுகளுக்கு நெருக்கமானது 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம். எளிய பெயர்த் திருத்த மனுவில் சட்டப் பிரிவு எதையும் குறிப்பிடாமல் விடுவதே நல்லது.

இரண்டாவது வழியில் நான் கொடுத்த குறிப்புகள் சில வரிகளே: யார், எந்தக் கிராமம், என்ன பிழை, சரியான பெயர் எந்த ஆவணத்தில் உள்ளது, என்ன கோரிக்கை. பத்திர எண், பட்டா எண், அடையாள அட்டை எண் ஆகியவற்றைக் கொடுக்கவில்லை. அந்த இடங்களில் எண்-1, எண்-2 என்று குறியிட்டேன். சொந்த ஆவணங்களின் எண்கள் வெளியே போகாமலிருப்பதோடு, எண்களைத் தவறாகப் படியெடுக்கும் வாய்ப்பும் இதனால் நீங்குகிறது. அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, செய்தி, கோரிக்கை, இணைப்பு, இடம், நாள், கையொப்பம் என்ற வரிசையையும், உயர்திரு, ஐயா, “பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்” ஆகிய சொற்களையும் முன்பே சொல்லிவிட்டேன். முந்தைய கடிதப் போக்குவரத்து இல்லாததால் பார்வை என்னும் பகுதி வேண்டாம் என்றும் சொன்னேன். சொல்லாவிட்டால் இல்லாத கடித எண்ணைக் கற்பித்து நிரப்பிவிடும் அபாயம் உண்டு.

இந்த வரைவு முதலாவதைவிட எவ்வளவோ மேல். ஆயினும் இரண்டு இடங்களில் என் குறிப்பின் பொருளையே மாற்றியிருந்தது. “1994 முதல் என் அனுபவத்தில் உள்ளது” என்று நான் கொடுத்ததை, “1994 முதல் எனக்குச் சொந்தமாக உள்ளது” என்று திருத்தி எழுதியது. வருவாய்த் துறை வழக்கில் அனுபவம் என்பது நிலத்தைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது. உரிமை என்பது வேறு. கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரித்துச் சொல்லக் கூடியது அனுபவத்தைத்தான். உரிமைக்குச் சான்று பத்திரம். இரண்டையும் தனித்தனியே சொன்னால்தான் மனு வலுப்பெறும்.

மற்றொன்று பரப்பு. பட்டாவில் 0-40.50 என்று இருப்பது ஹெக்டேரும் ஏரும் சேர்ந்த குறியீடு: 0 ஹெக்டேர், 40.50 ஏர். ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட் ஆகையால் இது சுமார் ஓர் ஏக்கர். வரைவோ “40.50 ஏக்கர்” என்று விரித்திருந்தது, ஓர் ஏக்கர் நிலத்திற்கு நாற்பது ஏக்கர் என்று மனு கொடுத்தால், மற்ற விவரங்களும் சந்தேகத்திற்கு உள்ளாகும். புல எண்ணின் உட்பிரிவையும் “3பி” என்று தமிழாக்கியிருந்தது. பட்டாவில் 3B என்று அச்சாகியிருந்தால் மனுவிலும் அப்படியேதான் இருக்க வேண்டும். ஆகவே அச்செடுத்த மனுவையும் பட்டா நகலையும் பக்கத்தில் வைத்து, ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வழியில் சாட்பாட் எழுத்தாளர் அல்ல, மெய்ப்புப் பார்ப்பவர். இங்கே அதன் உதவி உண்மையிலேயே பயன்பட்டது. செய்தியில் வில்லங்கச் சான்றைக் குறிப்பிட்டிருந்தும் இணைப்புப் பட்டியலில் அது விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது. ஓரிடத்தில் தாங்கள் என்றும் மற்றோரிடத்தில் உங்கள் என்றும் கலந்து வந்ததையும், சில ஒற்றுப் பிழைகளையும் சொன்னது. “மேற்படி நிலம்” என்பது பழைய நடை, நீக்கிவிடலாம் என்ற அதன் யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை; முன்பு சொன்ன அதே நிலத்தைத்தான் சொல்கிறோம் என்பதை உறுதி செய்வது அந்தச் சொல்லே.

மனு எழுதிப் பழக்கமில்லாதவருக்கு இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். அமைப்பையும் மரியாதைச் சொற்களையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் சரிபார்க்க வேண்டியவை குறைந்துவிடுகின்றன. பங்காளிகளிடையே எல்லைத் தகராறு இருந்தாலோ, அதே புல எண்ணில் வேறொருவர் பெயரும் சேர்ந்திருந்தாலோ மூன்றாவது வழியே தக்கது. அத்தகைய மனுக்களில் எது முதலில் நடந்தது, எது பிறகு, யார் அனுபவத்தில் எப்போது இருந்தது என்ற வரிசைதான் எல்லாமும். வாக்கியங்களை அழகுபடுத்தும்போது சாட்பாட் அந்த வரிசையை முன்பின்னாக மாற்றிவிடக் கூடும். அதுவும் வெறும் பெயர்ப் பிழையாக இல்லாமல், எதிர்த் தரப்பு மறுக்கக் கூடிய பதிவாக இருந்தால், வட்டாட்சியர் அந்தத் தரப்பினரையும் அழைத்து விசாரிப்பார். அங்கே மூன்று வரைவுகளில் எதுவும் போதாது, மூலப் பத்திரத்திலிருந்து வழிவழியாக வந்த ஆவணங்களை ஒழுங்குபடுத்தி எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.