ஞாயிறும் பண்டிகையும் கழித்து சர்வீஸ் தேதி சொல்லும் WORKDAY.INTL: நான்கு வருட அனுபவம்

திருநெல்வேலியில் இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "ஆள் வரும் தேதியைக் கஸ்டமருக்குச் சொல்ல நீ ஏதோ ஷீட் வைத்திருக்கிறாயே, அது போதுமா? இல்லை சாஃப்ட்வேர் வாங்கிவிடவா?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மதுரையில் வாட்டர் பியூரிஃபையர், வாஷிங் மெஷின் சர்வீஸ். திங்கள் முதல் சனி வரை வேலை, ஞாயிறு விடுமுறை. கால் வந்ததும் கவுன்ட்டரில் இருப்பவர் கூகுள் ஷீட்டில் A கட்டத்தில் தேதியையும் B கட்டத்தில் எத்தனை வேலை நாளில் வருவோம் என்பதையும் போடுவார். வழக்கமாக 2. நாலு மணிக்கு மேல் வந்த காலுக்கு 3. தேதியை இந்தச் சூத்திரம் கொடுத்துவிடும்:

```
=WORKDAY.INTL(A2, B2, 11, $H$2:$H$25)
```

11 என்றால் ஞாயிறு மட்டும் லீவு. H வரிசையில் நம் கடையின் விடுமுறைப் பட்டியல். டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். சூத்திரத்தைக் கீழே இழுக்க இழுக்கப் பட்டியலின் மேல் வரிகள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து கழன்றுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கையால் எண்ணும்போது நாங்கள் அடிக்கடி செய்த ஒரு தப்பை இது செய்வதே இல்லை. 2025-இல் குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை 24-ஆம் தேதி ஒரு கால், மூன்று வேலை நாள். கையால் எண்ணினால் ஞாயிறுக்கு ஒன்று, 26-க்கு ஒன்று என்று இரண்டு நாள் தள்ளிவிடுவோம், புதன் என்று சொல்லிவிடுவோம். சூத்திரம் அந்த நாளை ஒரு தடவைதான் கழிக்கும். சனி, திங்கள், செவ்வாய் என்று எண்ணி 28 என்றது. அதுதான் சரி. கால் வந்த நாளையும் அது எண்ணாது, மறுநாளிலிருந்துதான் ஆரம்பிக்கும். இந்த வேலையில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தோம் என்று பார்க்க NETWORKDAYS.INTL வைத்தால், அது இரண்டு முனை நாட்களையும் சேர்த்து எண்ணும். சொன்ன தேதிக்கே போயிருந்தாலும் ஒரு நாள் தாமதம் என்று காட்டும். அதிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் எங்கள் பையன்களை ஒரு மாதம் நான் வீணாகக் கடிந்துகொண்டேன். அவர்கள் மேல் தப்பே இல்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

போன செப்டம்பரில் புதிய கூகுள் கணக்கு திறந்து ஷீட்டைப் புதிதாகப் போட்டோம். அடுத்து வரும் லீவு ஆயுத பூஜையும் விஜயதசமியும்தான் என்று, பட்டியலில் அந்த இரண்டை மட்டும் முதலில் ஏற்றினோம். 01/10/2025, 02/10/2025. திரையிலும் அப்படியேதான் தெரிந்தது. செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை காலை அண்ணா நகரிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் அழைத்தார், ஆர்.ஓ. மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறது என்று. இரண்டு வேலை நாள். ஷீட் அக்டோபர் 2 என்றது. அதையே மெசேஜில் அனுப்பிவிட்டோம்.

புதன்கிழமை எங்கள் கடையில் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர் எல்லாம் துடைத்து வாழை இலையில் வரிசையாக இருந்தன. சந்தனம், குங்குமம், பக்கத்தில் பொரிகடலை. விஜயதசமி காலையில் பூஜை போட்டு எடுத்துவைப்போம், அவற்றை வேலைக்கு எடுப்பது மறுநாள்தான். வியாழன் மதியம் என் போன் அடித்தது. "திண்டுக்கல்லில் மகள் வீட்டுக்குப் போக வேண்டியதைத் தள்ளிப்போட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன் தம்பி. வர முடியாது என்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. என்னால் ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியவில்லை. சரியாக எண்ணியிருந்தால் வெள்ளி ஒன்று, சனி இரண்டு, அக்டோபர் 4 என்று சொல்லியிருப்போம். அவரும் நிம்மதியாகத் திண்டுக்கல் போய் வந்திருப்பார்.

அன்று இரவு அந்த இரண்டு கட்டங்களையும் எத்தனை தடவை பார்த்தேன்! 01/10/2025, 02/10/2025. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. மாதத்தின் பெயர் தெரியும்படி கட்டத்தின் வடிவத்தை மாற்றிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒன்று ஜனவரி 10, இன்னொன்று பிப்ரவரி 10. புதிய கணக்கில் ஷீட்டின் Locale அமெரிக்கா என்று இருந்திருக்கிறது. அங்கே மாதம் முதலில், தேதி பிறகு. கால் வந்த தேதியை நாங்கள் டைப் செய்வதில்லை, `Ctrl + ;` அழுத்தினால் அன்றைய தேதி தானே விழும். அதனால் A கட்டம் சரியாக இருந்தது, பட்டியல் மட்டும் பிசகியது.

தீபாவளியை 20/10 என்று போட்டிருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும். இருபதாவது மாதம் கிடையாது என்பதால் ஷீட் அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிவைக்கும், தேதியாக எடுத்ததை வலது ஓரத்தில் வைக்கும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் வரும் லீவுகள்தான் ஏமாற்றும். மே 1, அக்டோபர் 2 எல்லாம் அந்த வகை. ஒரு சிவப்புக் குறியாவது காட்டக் கூடாதா? பட்டியலில் இருப்பவை எல்லாமே கடந்துபோன தேதிகள் என்று ஒரு வரி எச்சரிக்கை வந்திருந்தால், ஒரு பெரியவர் வீட்டில் காத்துக் கிடந்திருக்க மாட்டார். இதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது செய்வது இது. File, Settings போய் Locale-ஐ India ஆக்கினோம். அதற்கு மேல், பட்டியலில் தேதியை 2025-10-02 என்று ஆண்டு முன்னால் வரும்படிதான் அடிக்கிறோம். அதை எந்த ஊர் அமைப்பும் மாற்றிப் படிக்காது. பக்கத்து வரிசையில் கிழமை:

```
=TEXT(H2,"dddd")
```

காந்தி ஜெயந்தி வியாழன் என்று சுவரில் தினசரி காலண்டர் சொல்லும்போது இங்கே திங்கள் என்று வந்தால் தப்பு கண்ணில் பட்டுவிடும். பட்டியல் ஏற்றிய அன்றே ஒருவர் வாசிக்க, இன்னொருவர் காலண்டரைப் பார்த்துச் சரிபார்க்கிறார். பத்து நிமிட வேலை.

இன்னொரு தொல்லையும் உண்டு. அதில் சூத்திரத்தின் மேல் பழி போட முடியாது, ஆனால் அடி எங்களுக்குத்தான். 2025 பொங்கல் ஜனவரி 14 செவ்வாய், 15, 16 என்று வந்தது. 17 வெள்ளியையும் அரசு பிறகு விடுமுறையாக அறிவித்தது. நாங்களும் அடைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, 13-ஆம் தேதி திங்கள்கிழமைதான் முடிவெடுத்துப் பட்டியலில் 17-ஐச் சேர்த்தோம். சனிக்கிழமை 11-ஆம் தேதி வந்த கால்களுக்கு ஏற்கெனவே தேதி சொல்லியாகிவிட்டது. திங்கள் 13 ஒன்று, பொங்கல் மூன்று நாள் போக வெள்ளி 17 இரண்டு என்று கணக்கு. பட்டியலில் 17 ஏறிய நொடியில் அந்த வரிகள் எல்லாம் 18 என்று மாறிவிட்டன. கஸ்டமர் கையில் இருக்கும் மெசேஜில் 17, எங்கள் ஷீட்டில் 18. யாருக்கு எதைச் சொன்னோம் என்ற தடயமே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் வந்த போன்களை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அதன் பிறகு இரண்டு வரிசை வைத்திருக்கிறோம். D-யில் சூத்திரம். மெசேஜ் அனுப்பியதும் D-யைக் காப்பி செய்து E-யில் `Ctrl + Shift + V`. அப்போது தேதி மட்டும் விழும், சூத்திரம் வராது. E-க்கு "சொன்ன தேதி" என்று பெயர். அதை யாரும் தொடக் கூடாது. புதிதாக ஒரு லீவு சேர்த்தால் D மாறும், E நிற்கும். இரண்டும் ஒத்துப்போகாத வரிகளைப் பார்த்தால், யாரை முன்கூட்டியே அழைத்துத் தேதி மாறுகிறது என்று சொல்ல வேண்டும் என்ற பட்டியல் தானாகக் கிடைத்துவிடும். சொல்லப்போனால் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பயன்படுவது இப்போது இதுதான்.

நண்பர் அரசு விடுமுறைப் பட்டியலை அப்படியே ஒட்டிவிடலாமா என்றும் கேட்டார். வேண்டாம். அதில் ஏப்ரல் 1 இருக்கும், அது வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்புக்கு. மகாவீர் ஜெயந்தி இருக்கும், அன்று நம் ஆட்கள் வண்டியில்தான் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அதையெல்லாம் சேர்த்தால் காரணமில்லாமல் ஒரு நாள் தள்ளிச் சொல்வோம். ஒரு நாள் முந்திச் சொன்னால் கஸ்டமர் திட்டிவிடுவார், தெரிந்துவிடும். தள்ளிச் சொன்னால் அவர் பேசாமல் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார், நமக்குத் தெரியவே தெரியாது. ரம்ஜான், பக்ரீத் பிறை பார்த்து மாறக்கூடியவை. அந்த இரண்டு வாரங்களில் மட்டும் அந்த நாளுக்கு யாருக்கும் தேதி கொடுக்காமல் இருக்கிறோம்.

சரி, போதுமா என்றால், போதும். இதற்காக சாஃப்ட்வேருக்குப் பணம் கட்ட வேண்டாம். நான்கு வருடத்தில் சூத்திரம் ஒரு நாள்கூடத் தப்பாக எண்ணியதில்லை. அப்படியிருந்தும் பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களில் நான் அதை நம்புவதில்லை. காலண்டர் தாளைப் புரட்டி விரல் விட்டு எண்ணித்தான் தேதி சொல்கிறேன். நண்பரையும் அப்படியே செய்யச் சொன்னேன். இந்த 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பட்டியலில் அதைப் போட்டாலும் போடாவிட்டாலும் சூத்திரத்துக்கு ஒன்றுதான், திங்கள்கிழமை ஆள் அனுப்பலாம் என்று சொல்லும். என்னிடம் இருக்கும் ஆறு பேரில் நான்கு பேர் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம். திங்கள் காலை பஸ்ஸில் இடம் கிடைத்து அவர்கள் வந்து சேரவே மதியமாகிவிடும். நவம்பர் 9-ஐ இப்போதே பட்டியலில் ஏற்றிவிட்டேன்: 2026-11-09, பக்கத்தில் Monday.