டெலிவரி தள்ளிப்போகிறது: லெட்டர்ஹெட்டில் கடிதமா, நாலு வரி மெயிலா?

கோவையில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பொதுத்துறை நிறுவனத்திடமிருந்து 8,40,000 ரூபாய்க்கு ஃபிளாஞ்ச் ஆர்டர் வந்தது. ஆகஸ்ட் 31-க்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும். அதைச் செய்யும் பிளேட் அவர்களே தருவது. அது வந்ததே 20 நாள் தாமதமாகத்தான். பர்ச்சேஸ் ஆபீசருக்கு ஒரு மெயில் தட்டினேன்: "சார், பிளேட் லேட்டாக வந்ததால் செப்டம்பர் 20-க்குள் அனுப்பிவிடுகிறோம்." அரை மணி நேரத்தில் "ஓகே, நோட்டட்" என்று பதில். நிம்மதியாகத் தூங்கினேன். பில் பாஸாகி வந்தபோது 12,600 ரூபாய் குறைந்திருந்தது.

கணக்கு அவர்கள் பக்கம் சரிதான். தாமதமான ஒவ்வொரு வாரத்துக்கும் அரை சதவீதம் பிடித்தம், அதிகபட்சம் 10 சதவீதம் என்று பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது பி.ஓ.வில் இருந்தது. வாரத்தின் ஒரு பகுதியும் முழு வாரமாகவே கணக்கு. 20 நாள் என்றால் மூன்று வாரம், ஒன்றரை சதவீதம். பில் போடும் அக்கவுண்ட்ஸ் பிரிவின் முன்னால் இருப்பது பி.ஓ.வில் உள்ள தேதியும் சரக்கு உள்ளே வந்த தேதியும் மட்டுமே. என் மெயில் அங்கே இல்லை.

"ஓகே" சொன்ன ஆபீசர் மேலும் தப்பில்லை. டெலிவரி தேதியை நீட்டுவது என்றால் பி.ஓ.வைத் திருத்துவது. அதற்கு அவர் பைலில் நோட் போட்டு, அதிகாரம் உள்ள மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த நோட்டுக்கு அடியில் வைக்க சப்ளையர் கேட்டதாக ஒரு காகிதம் வேண்டும். நான் கொடுத்ததோ தகவல், கோரிக்கை அல்ல. அடுத்த மாதம் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார், அந்த மெயிலும் அவர் இன்பாக்ஸோடு போயிற்று.

இப்போது அரசு சார்ந்த இடம் என்றால் லெட்டர்ஹெட்தான். ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. பி.ஓ. எண், தேதி, பிளேட் எப்போது வந்திருக்க வேண்டும், எப்போது வந்தது, அதற்கான சலான் எண், எந்தத் தேதி வரை நீட்டிப்பு வேண்டும். இவற்றோடு எல்லோரும் விட்டுவிடும் ஒரு வரி: "தாமதப் பிடித்தம் இல்லாமல் நீட்டித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்." இது இல்லாவிட்டால் தேதியை மட்டும் நீட்டி, பிடித்தம் செய்யும் உரிமையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு திருத்தம் அனுப்புவார்கள். பழைய தேதி முடிவதற்குள் கடிதம் உள்ளே போய்விட வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் ஏன் முன்பே கேட்கவில்லை என்பதற்கும் சேர்த்து அவர் நோட் எழுத வேண்டும். யாருக்கு அந்தத் தலைவலி வேண்டும்?

இந்தப் பாடத்தைப் படித்த ஜோரில் ஒரு பெரிய தனியார் கம்பெனிக்கும் பணம் நிலுவை என்று கூரியரில் கடிதம் அனுப்பினேன். கடிதம் ஆலையின் தபால் அறையில் கிடந்தது. பில் பார்ப்பவர்களோ வேறு ஊரில், வேறு கட்டடத்தில். அங்கே மெயில்தான் ராஜா. சப்ஜெக்டில் பி.ஓ. எண்ணும் இன்வாய்ஸ் எண்ணும் இருந்தால் அது அவர்கள் கணினியில் தானாக ஒரு டிக்கெட்டாகப் பதிவாகிவிடும், எண்ணோடு பதில் வரும். "இன்வாய்ஸ் இணைத்திருக்கிறேன், சரக்கு வந்த ரசீதும் உண்டு, எங்கே நிற்கிறது?" போதும். அங்கே வணக்கம், மரியாதை, மேற்கோள் என்று மூன்று பத்தி எழுதினால் முக்கியமான எண் அடியில் புதைந்துவிடும்.

ஆகவே நான் பார்ப்பது கம்பெனியின் பெயரை அல்ல. என் வேலை முடிய அங்கே யாராவது கையெழுத்துப் போட வேண்டுமா? வேண்டுமென்றால் கடிதம். விவரம் மட்டும் வேண்டுமென்றால் மெயில்.

இரண்டையும் சேர்ப்பதும் உண்டு: கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து, இரண்டு வரி மெயிலோடு பி.டி.எஃப். ஆக அனுப்புவது. மெயில் சட்டப்படி செல்லாது என்று சிலர் சொல்வது தவறு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவை எழுத்து மூலமானதாகவே ஏற்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் 'நோட்டீஸ்' என்ற பிரிவைத் தேடிப் படியுங்கள். இந்த முகவரிக்கு, பதிவுத் தபாலில் என்று இருந்தால் மெயில் எவ்வளவு சீக்கிரம் போனாலும் அதை மட்டும் நம்பக் கூடாது.

கடிதத்தை நேரில் கொடுப்பதாக இருந்தால் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஆபீசர் மேஜையில் வைத்துவிட்டு வரக் கூடாது. தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் இன்வர்ட் சீல், எண், தேதி மூன்றும் வாங்குங்கள். சீல் மங்கலாக விழுந்திருந்தால் இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், குத்திவிடுவார்கள்.