நைட்ரோ ஏற்றம் முதலிலா, ஆக்சிஜனேற்றம் முதலிலா?

டொலுயீனிலிருந்து நைட்ரோபென்சாயிக் அமிலம் செய்ய இரண்டே படிகள். எதை முதலில் செய்வது என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

நைட்ரோ ஏற்றம் முதலில்: மெத்தில் தொகுதி வளையத்துக்கு எலக்ட்ரான் தருவதால், நைட்ரோ ஆர்த்தோ, பாரா இடங்களுக்குப் போகும்.
ஆக்சிஜனேற்றம் முதலில்: மெத்தில், கார்பாக்சிலாக மாறி எலக்ட்ரானை இழுக்கும், நைட்ரோ பெரும்பாலும் மெட்டாவில் அமரும்.

வேகம்: டொலுயீன் துடிப்பானது, குளிர்விக்காவிட்டால் இரண்டாவது நைட்ரோவும் ஏறிவிடும்.
பென்சாயிக் அமிலம் மந்தமானது. சூடு வேண்டும், ஆனால் ஒன்றோடு நின்றுவிடும்.

பிரிப்பதுதான் முதல் வழியின் தலைவலி. ஆர்த்தோ ஏறக்குறைய 60 விழுக்காடு, பாரா 37. நல்லவேளை, பாரா-நைட்ரோடொலுயீன் 52 டிகிரியில்தான் உருகும். ஆர்த்தோவோ அறை வெப்பத்தில் திரவம். குளிர்வித்தால் பாரா படிகமாக இறங்கும், வடிகட்டலாம். பிறகு பெர்மாங்கனேட்டுடன் கொதிக்கவிட்டால், பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடு படிய, மெத்தில் கார்பாக்சிலாகிவிடும்.

பாரா அமிலம் வேண்டுமென்றால் முதல் வழி, மெட்டா வேண்டுமென்றால் இரண்டாவது. வரிசை மாறிப்போனதா என்பதை உருகுநிலையே காட்டிக்கொடுக்கும்: பாரா அமிலம் சுமார் 240 டிகிரி, மெட்டா 140.