எளிய ஜிக்கில் ஃபிங்கர் ஜாயின்ட்: தீராத தொல்லை ஒன்று

பெட்டியின் மூலையில் இரண்டு பலகைகளை விரல் கோத்ததுபோல் இணைக்கும் ஃபிங்கர் ஜாயின்ட்டை ரூட்டர் டேபிளில் வெட்ட, பிளைவுட்டில் நாமே செய்துகொள்ளும் ஜிக் போதுமா, திருகு வைத்து நுணுக்கமாக நகர்த்தும் வகையை வாங்க வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எளிய ஜிக்கையே நெடுநாளாகப் பயன்படுத்துவதால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மைட்டர் காடியில் ஓடும் தளம், அதில் செங்குத்தாக நிற்கும் முகப்புப் பலகை, வெட்டிய காடி வந்து உட்கார, பிட்டின் அகலத்துக்கு இழைத்து அந்தப் பலகையில் பதித்த கீ என்னும் சிறு மரத்துண்டு. கீக்கும் பிட்டுக்கும் உள்ள இடைவெளிதான் விரலின் அகலம். அது பிட்டின் அகலத்துக்குச் சமமாக இருந்தால் மூட்டு பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 6 மி.மீ. ஸ்பைரல் பிட் வெட்டும் காடியின் அடி தட்டையாக இருக்கிறது. சாய்ந்த பற்கள் உள்ள ரம்ப வட்டு விட்டுப்போகும் சிறு மேடுகள் இதில் இல்லை. இன்னொன்று, கீயை பிட்டுக்கு வலப்புறம் வைத்துவிட்டால் இயந்திரமே நமக்கு உதவுகிறது. மேலிருந்து பார்த்தால் டேபிளில் பிட் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. பலகையை முன்னே தள்ளும்போது அது பலகையை வலப்பக்கம் இழுத்து கீயோடு அழுத்துகிறது. கையும் அதே பக்கம் அழுத்தினால் ஒவ்வொரு முறையும் கீயின் இடமுகம்தான் அளவைத் தீர்மானிக்கும். அப்போது கீ 0.1 மி.மீ. மெலிந்திருந்தாலும் விரலின் அகலம் மாறாது. ஒருமுறை வலமும் மறுமுறை இடமுமாக அழுத்தினால்தான் அந்த 0.1 விரல்களுக்குள் புகுந்து, பத்துப் பன்னிரண்டு காடிகளில் சேர்ந்து, மூட்டைக் கெடுக்கும்.

இனி தொல்லைக்கு வருகிறேன். முகப்புப் பலகையை இரண்டு போல்ட்டால் பிடித்திருக்கிறோம். அளந்து வைத்துவிட்டு நட்டை இறுக்கும்போது பலகை மயிரிழை நகர்ந்துவிடும். சுத்தியலால் மெல்லத் தட்டிச் சரிசெய்தால் தேவைக்கு மேல் போய்விடும். இந்த மூட்டிலோ 0.1 மி.மீ.க்கே வித்தியாசம் கையில் தெரியும். பிட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டும் ஒவ்வொரு முறையும் இதே பாடு. 6 என்று எழுதியிருக்கும் இரண்டு பிட்டுகள் ஒரே அகலத்தில் வெட்டுவதும் இல்லை.

இதற்குக் கைகொடுப்பது சாதாரணத் தாள்தான். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. முகப்புப் பலகையின் வலமுனையை ஒட்டி, நடுவில் இரண்டு தாள்களை வைத்து, ஒரு கட்டையைத் தளத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். வெட்டப்போகும் அதே மரத்தின் துண்டில் நான்கைந்து விரல்கள் வெட்டி, காலிப்பரால் அளந்து பாருங்கள். காடி 6.02, விரல் 6.14 என்று வந்தால் மூட்டு உள்ளே போகாது. பசைக்கு இடம் விட்டு விரல் 5.95 அளவில் இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 0.2 குறைய வேண்டும். போல்ட்டைத் தளர்த்தி, கட்டைக்கும் பலகைக்கும் நடுவே இன்னும் இரண்டு தாள்களைச் செருகி, கட்டையோடு அழுத்திப் பிடித்தபடியே இறுக்குங்கள். கீ பிட்டை நோக்கி 0.2 நகர்ந்திருக்கும். மூட்டு தொளதொளவென்று இருந்தால் தாளை உருவ வேண்டும். உள்ளங்கையால் அழுத்தினால் இறங்கும் மூட்டுதான் சரி. சுத்தியல் கேட்கும் மூட்டு பசை பட்டதும் ஊறி இன்னும் இறுகும், ஓர விரல் பிளந்துவிடும்.

கீ நகரும்போது முகப்புப் பலகையில் உள்ள வெட்டும் சேர்ந்து நகர்கிறது. அடுத்த ஓட்டத்தில் பிட் அதை அகலமாக்கும். பின்னால் தாங்கல் இல்லாத இடத்தில் மரம் சிம்பு சிம்பாகப் பெயர்வதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு அமைப்புக்கும் வெட்டும் பலகைக்குப் பின்னால் புதிதாக ஒரு மெல்லிய ஹார்ட்போர்டு துண்டு வைத்தால் சிம்பு பெயர்வது நின்றுவிடும்.

12 மி.மீ. பலகையில் 78 மி.மீ. உயரப் பெட்டி என்றால் 6 மி.மீ. வீதம் 13 பகுதிகள் வரும். ஒரு பலகையில் 7 விரல், இணைப் பலகையில் 6. முதல் பலகையைத் திருப்பி, அதன் முதல் காடியைக் கீயில் மாட்டினால் ஓர விரல் கீக்கும் பிட்டுக்கும் நடுவில் நிற்கும். இணைப் பலகையை அதை ஒட்டி வைத்து வெட்டினால் காடியில் தொடங்கும். பிட்டின் உயரத்தை 12.3 வைத்து, பசை காய்ந்ததும் துருத்தும் நுனிகளை இழைத்துவிடலாம். பலகைகளை உயரத்தில் 3 மி.மீ. கூடுதலாக வைத்து, கடைசியில் நறுக்கிக்கொள்ளுங்கள். விரல் 5.95 என்றால் ஒரு விரலும் ஒரு காடியும் சேர்ந்து 12 வராது, அந்தக் குறை கடைசி விரலில்தான் வந்து நிற்கும்.

அளவு ஒருமுறை அமைந்துவிட்டால் இதைவிடத் துல்லியமாக வெட்ட முடியாது. ஆனாலும் நண்பருக்கு என் பதில், திருகு உள்ளதை வாங்குங்கள் என்பதுதான். நேற்றும் நாலு முறை நட்டை இறுக்கினேன், நாலு முறையும் கீ நகர்ந்தது.