பேச்சுத் தமிழை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது எழுவாயை எங்கும் போடுவதா, ஆள் மாறும் இடத்தில் மட்டும் போடுவதா?

காசிமேட்டுப் பக்கத்து வீட்டில் ஒருவர் சொல்வது: “அம்மா மார்க்கெட் போனாங்க. வஞ்சிரம் வாங்கல. வெல ஜாஸ்தின்னாங்க. திரும்பி வந்துட்டாங்க.”

முதல் வழி, வாக்கியத்துக்கு ஒரு எழுவாய்: “மதர் வென்ட். ஷி டிட் நாட் பை. ஷி செட். ஷி கேம் பேக்.” பிழை இல்லை, ஆனால் போலீஸ் வாக்குமூலம் போலக் கேட்கிறது. பேசியவரின் வேகம் நான்கு துண்டாகிவிடுகிறது.

இரண்டாவது வழி, ஆள் மாறினால் மட்டும் எழுவாய், மாறாதவரை ‘அண்ட்’, ‘பட்’ போட்டுக் கோப்பது: “மாம் வென்ட் டு த மார்க்கெட் பட் டிடின்ட் பை எனி வஞ்சிரம்.” ஆங்கிலத்தில் இது இயல்பு. எங்கள் தேர்வும் இதுதான். ஆனால் யார் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

சிக்கல் அங்கேதான். ‘வாங்கல’ என்பதில் ஆள் விகுதியே கிடையாது. நான், நாங்க, அவங்க எல்லாவற்றுக்கும் அதே வடிவம். முன்னும் பின்னும் உள்ள ‘போனாங்க’, ‘வந்துட்டாங்க’தான் அம்மாவைக் காட்டுகின்றன. ‘ஜாஸ்தின்னாங்க’ இன்னும் வழுக்கும். ‘-ஆங்க’ மரியாதை ஒருமையும் ஆகும், பன்மையும் ஆகும். சொன்னது அம்மாவா, மீன்காரம்மாக்களா? அம்மா என்றால் “ஷி செட் இட் வாஸ் டூ மச் அண்ட் கேம் பேக்.” விற்றவர்கள் என்றால் ஆள் இரண்டு முறை மாறுகிறது, இரண்டு எழுவாயும் வேண்டும்: “தே வாண்டட் டூ மச், ஸோ ஷி கேம் பேக்.” இங்கே ‘ஷி’யை விட்டால் மீன்காரம்மாக்களே வீடு திரும்பியதாகிவிடும்.