சொட்டு டெஸ்ட் கிட்டும் ஒரு கேன் ஆசிட்டும்: ஏற்காடு அடிவாரத்தில் மூன்று வருட அனுபவம்

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் தோட்டத்து வீட்டை வார இறுதிகளில் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். பத்து மீட்டருக்கு ஐந்து மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டரில் ஒரு சின்ன நீச்சல் குளமும் உண்டு. 60,000 லிட்டர், அத்தனையும் போர் தண்ணீர். மூன்று வருடமாக இதைச் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டை வைத்துத்தான் பராமரிக்கிறேன். கிட் நல்ல பொருள்தான். ஆனால் அது காட்டும் இரண்டு எண்களில் நான் முதலில் நம்பியது தப்பான எண்.

முதல் கோடையிலேயே அது தெரிந்துபோனது. ஏப்ரலில் தண்ணீர் லேசாகக் கலங்கியது. சுவரைத் தொட்டால் வழுக்கல். இரண்டே நாளில் படிக்கட்டு மூலையில் பச்சை ஏறிவிட்டது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தினமும் சாயங்காலம் ஹைப்போ என்கிற குளோரின் திரவத்தை ஊற்றிக்கொண்டுதான் இருந்தார். கிட்டில் பார்த்தால் குளோரின் 2 பிபிஎம். "ரெண்டு காட்டுதுங்க தம்பி, இதுக்கு மேல எப்படிங்க ஊத்துறது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு வாரம் ஹைப்போவைக் கூட்டிக்கொண்டே போனோம்.

கிட்டில் பக்கத்திலேயே இன்னொரு குழாய் இருக்கிறது, பிஎச் பார்க்க. அதில் பினால் ரெட் ஐந்து சொட்டு விட்டால் 7.4-க்கு ஆரஞ்சு கலந்த சிவப்பு வரும். எங்கள் தண்ணீருக்கு வந்தது பளீரென்ற ரோஜா நிறம், 8.2. குளோரின் சரியாக இருக்கும்போது இது எதற்கு என்று அதுவரை அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

குளோரினை எந்த வடிவில் போட்டாலும் தண்ணீரில் அது இரண்டு உருவங்களில் இருக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், இன்னொன்று ஹைப்போகுளோரைட் அயனி. கிருமியையும் பாசியையும் வேகமாகக் கொல்வது முதலாவது. அதற்கு மின்னேற்றம் இல்லாததால் செல்லின் சுவருக்குள் எளிதாகப் புகுந்துவிடும். அயனிக்கு எதிர் மின்னேற்றம், கிருமியின் மேற்பரப்புக்கும் எதிர் மின்னேற்றம். அதனால் அது வாசலிலேயே நின்றுவிடும். எது எவ்வளவு இருக்கும் என்பதைப் பிஎச்தான் தீர்மானிக்கிறது. 7.5-இல் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 7.4-இல் அமிலம் 55 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 8.2-இல் அதுவே 17 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

எங்கள் 2 பிபிஎம்-ஐ இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 8.2-இல் உண்மையில் வேலை செய்தது 0.35 பிபிஎம்-கூட இல்லை. அதே 2 பிபிஎம் 7.4-இல் 1.1 கொடுத்திருக்கும். பிஎச்சைத் தொடாமல் அந்த 1.1-ஐ எட்ட வேண்டுமென்றால் குளோரினை 6 பிபிஎம்-க்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். கிட் ஏன் இதைச் சொல்லவில்லை? சோதனைக் குழாயில் மருந்து அமிலத்தைப் பிடிக்கப் பிடிக்க, அயனி உடனுக்குடன் அமிலமாக மாறி அதுவும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆக, கிட் காட்டும் 2 என்பது கையில் இருக்கும் பணமும் பீரோவில் பூட்டியிருக்கும் பணமும் சேர்ந்த தொகை. வெயிலில் அயனி இன்னும் வேகமாகச் சிதைகிறது என்பது கூடுதல் தொல்லை. சேலத்து ஏப்ரல் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, என்ன செய்தோம்? எங்கள் தண்ணீரின் காரத்தன்மை, அதாவது ஆசிட்டைத் தாங்கி நிற்கும் திறன், 200 பிபிஎம் பக்கம். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 8.2-இலிருந்து 7.4-க்கு இறக்க, கடையில் கிடைக்கும் 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தேவை. ஒரேயடியாக ஊற்றவில்லை. காலையில் மோட்டாரை ஓடவிட்டு, ஆழமான பக்கம் தண்ணீர் உள்ளே வரும் வாயருகே ஒரு லிட்டரை மெல்லிய தாரையாக விட்டோம். நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 7.7. இன்னும் முக்கால் லிட்டர் விட்டதும் மாலையில் 7.4. அன்று இரவு சுவரைத் தேய்த்துவிட்டு மூன்று லிட்டர் ஹைப்போ, அதாவது சுமார் 5 பிபிஎம் குளோரின். மூன்றாம் நாள் காலையில் அடியில் கிடந்த ஐந்து ரூபாய் நாணயம் மேலிருந்தே தெரிந்தது. இரண்டு வாரம் ஊற்றிய ஹைப்போவால் முடியாததை ஒன்றேமுக்கால் லிட்டர் ஆசிட்டும் ஒரு ராத்திரி ஹைப்போவும் செய்தன.

ஆனால் பிஎச் அங்கேயே நிற்காது. பத்து நாளில் மறுபடி 7.8. காரத்தன்மை அதிகமுள்ள தண்ணீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்கும், அது போகப் போகப் பிஎச் ஏறும். விருந்தினருக்குப் பிடிக்குமென்று நான் ஆசையாக வைத்த சின்ன அருவி இதை இன்னும் வேகப்படுத்தியது. இப்போது ஆள் வந்தால் மட்டும்தான் அருவி. கோடையில் நாளுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியாகிறது, 250 லிட்டர். அதை ஈடுகட்ட விடும் போர் தண்ணீர் காரத்தன்மையைத் திரும்பக் கொண்டுவருகிறது. அதனால் ஆசிட் எங்களுக்கு வாராந்திர வேலை, மளிகைச் செலவு மாதிரி.

நடுவில் ஒரு சீசன் டிசிசிஏ என்கிற குளோரின் மாத்திரைக்கு மாறினேன். அதுவே அமிலம், பிஎச் ஏறாது என்றார் கடைக்காரர். அது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பிபிஎம் குளோரினோடும் 0.6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேர்கிறது. தினம் 2 பிபிஎம் என்றால் மூன்று மாதத்தில் 100-ஐத் தாண்டிவிடும். அது வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்றும், கூடவே பெரும்பகுதியைக் கட்டியும் போட்டுவிடும். அந்த நிலையில் நான் மேலே சொன்ன சதவீதக் கணக்கும் அப்படியே பொருந்தாது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு ஹைப்போவுக்கே திரும்பினேன்.

கிட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ரோஜா நிறம் 8.2-இல் இருந்தாலும் 8.8-இல் இருந்தாலும் ஒன்றுதான், அதற்கு மேல் வித்தியாசம் தெரியாது. ஹைப்போ ஊற்றிய கையோடு சோதித்தால் அதிகக் குளோரின் பினால் ரெட்டையே மாற்றி ஊதா காட்டும். அதைப் பார்த்து ஒருமுறை தேவையில்லாமல் ஆசிட் ஊற்றி 6.8-க்கு இறக்கிவிட்டேன். அப்புறம், மருந்துப் பாட்டிலை மோட்டார் ரூமில் வைக்காதீர்கள். ஒரு கோடைச் சூட்டில் நிறம் வெளிறிப் போனது, இப்போது வீட்டு அலமாரியில்தான் வைக்கிறேன்.

இன்னொன்று, மக். ஒருநாள் அண்ணன் ஆசிட் அளந்த மக்கைக் கழுவாமல் அதிலேயே ஹைப்போ ஊற்றினார். அடியில் தங்கியிருந்தது ஒரு ஸ்பூன் ஆசிட்கூட இருக்காது. மஞ்சள் பச்சையாய் ஒரு புகை. அவர் மக்கைத் தரையில் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்து அரைமணி நேரம் இருமினார். குளோரின் வாயு. இப்போது ஆசிட்டுக்குச் சிவப்பு மக், ஹைப்போவுக்கு நீல மக், இரண்டு கேனும் குளத்தின் எதிரெதிர் மூலைகளில். ஆசிட் காலையில், ஹைப்போ இருட்டிய பிறகு. போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் குளம் பச்சையாகிறது, எவ்வளவு ஹைப்போ ஊற்றலாம் என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறார். "மொதல்ல அந்த ரோஸ் கலர் டியூப்பப் பாருங்க" என்றாராம்.